டிஷ்வாஷரில் உப்பு இருக்கிறது, ரின்ஸ் எய்டும் இருக்கிறது, கண்ணாடி டம்ளர் மட்டும் ஏன் வெள்ளையாக வருகிறது?

வெயில்மழை

மெஷின் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. இப்போது ஐந்தாறு மாதமாகக் கண்ணாடி டம்ளர்களில் மங்கலாக ஒரு வெள்ளைப் படலம். ஈரமாக இருக்கும்போது தெரிவதில்லை. காய்ந்ததும் மூச்சுக்காற்று பட்டதுபோல மங்கிவிடுகிறது. விரலால் தேய்த்தால் கொஞ்சம் போகிறது, முழுதாகப் போவதில்லை.

எல்லாம் சேர்ந்த ஆல்-இன்-ஒன் டேப்லெட்தான் போடுகிறேன். உப்பு விளக்கு எரியவில்லை, ஆக உப்பு இருக்கிறது. ரின்ஸ் எய்டும் நிரப்பியிருக்கிறேன், அளவு 3-ல் இருக்கிறது. 65 டிகிரி புரோகிராம். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுகிறேன். எதைச் சந்தேகப்படுவது?

இன்னொன்று. சில நாட்கள் டம்ளர்கள் பளிச்சென்று வருகின்றன. அன்று நான் எதையும் மாற்றிச் செய்திருக்க மாட்டேன். அதுதான் எரிச்சலே.

ராஜி_சமையல்கட்டு

டேப்லெட்டை மாற்றிப் பாருங்கள். நான் நான்கு வருடமாக மெஷினில் உப்பும் போட்டதில்லை, ரின்ஸ் எய்டும் ஊற்றியதில்லை. டேப்லெட்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறதே, அப்புறம் தனியாக எதற்கு? என் டம்ளர்கள் புதுசு மாதிரி இருக்கின்றன. ரொம்ப அழுக்கு என்றால் ஒரு தடவைக்கு இரண்டு டேப்லெட் போடுங்கள், படலம் பறந்துவிடும்.

புதுக்குடித்தனம்

எனக்கும் இதே பிரச்சினை! பிளாஸ்டிக் டப்பாக்கள் மட்டும் ஈரமாகவே வெளியே வருகின்றன. துணியால் துடைத்துத்தான் அடுக்க வேண்டியிருக்கிறது. உப்பு போட்டால் சரியாகுமா?

திருப்புளி

புதுக்குடித்தனம், உங்களுடையது வேறு கதை. பிளாஸ்டிக் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளாது. கண்ணாடியும் பீங்கானும் தங்களிடம் உள்ள சூட்டிலேயே காய்ந்துவிடும், பிளாஸ்டிக்கால் அது முடியாது. உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரின்ஸ் எய்டை ஒரு படி கூட்டினால் ஓரளவு குறையும், முழுதாகத் தீராது.

வெயில்மழை, பன்னிரண்டு வருடம் இந்த மெஷின்களைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு டேப்லெட் போடும் வேலையை மட்டும் இப்போது செய்யாதீர்கள். முதலில் அந்தப் படலம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். பார்ப்பதற்கு எல்லாமே வெள்ளைதான், ஆனால் மூன்று வேறு வேறு பொருள்கள் இப்படித் தோற்றம் தரும்.

படலம் உள்ள டம்ளர் ஒன்றை எடுத்து வெறும் வெந்நீரில் கையால் அலசித் துடையுங்கள். சுத்தமாகப் போய்விட்டால் அது டிடெர்ஜென்ட் மிச்சம், அல்லது உப்பு. போகாவிட்டால் ஒரு கிண்ணத்தில் வெள்ளை வினிகர் ஊற்றி, டம்ளரைப் பாதி அளவுக்கு மூழ்கும்படி பதினைந்து நிமிடம் சாய்த்து வையுங்கள். அலசிக் காயவைத்துப் பாருங்கள். மூழ்கிய பாதி தெளிந்து, மேல் பாதி அப்படியே இருந்தால் சுண்ணாம்புப் படிவு. அது தண்ணீரின் கடினத்தன்மையால் வருவது. இரண்டு பாதியும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் எதைத் தேய்த்தும் பயன் இல்லை.

ஒரே டம்ளரை மட்டும் சோதிக்காதீர்கள், பழையது, புதியது என்று மூன்று எடுங்கள். கூடவே இந்த மூன்றையும் சொல்லுங்கள்: வாங்கியதிலிருந்து எத்தனை தடவை உப்பு நிரப்பினீர்கள்? மெஷினில் தண்ணீரின் கடின அளவு எத்தனையில் வைக்கப்பட்டிருக்கிறது? உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு?

வெயில்மழை

மூன்று டம்ளரையும் சோதித்தேன். வெந்நீரில் எதுவும் போகவில்லை. வினிகரில் இரண்டு டம்ளர் அழகாகத் தெளிந்துவிட்டன, கோடு போட்டதுபோல் பாதி தெளிவு, பாதி மங்கல். மூன்றாவது, கொஞ்சம் மெல்லிய பழைய கிளாஸ், அப்படியே இருக்கிறது. விளக்கில் சாய்த்துப் பார்த்தால் லேசாக நீலமும் ஊதாவுமாக மினுக்குகிறது.

உப்பு: வாங்கியபோது ஒரு தடவை, பிறகு ஒரு தடவை. இரண்டே தடவைதான்.

கடின அளவா? அப்படி ஒன்றை வைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பொருத்த வந்தவர் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் 720 காட்டுகிறது.

கணக்குப்பிள்ளை

720 பிபிஎம் என்றால் 17.8-ஆல் வகுத்தால் 40 டிகிரி. ஜெர்மன் டிகிரி என்பார்கள், பெரும்பாலான மெஷின் மேனுவல்களில் அந்த அளவுதான் இருக்கும். 40 என்றால் பயங்கரக் கடினம். கண்ணை மூடிக்கொண்டு உச்ச அளவில் வையுங்கள். வேலை முடிந்தது.

திருப்புளி

கணக்குப்பிள்ளை சார், வகுத்தல் சரி, வகுக்க எடுத்த 720-தான் தப்பு. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து மின்கடத்தலை வைத்து ஒரு குத்துமதிப்புச் சொல்கிறது. கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். ஒரே 720 காட்டும் இரண்டு வீட்டில் ஒன்றில் கடினத்தன்மை 500 இருக்கும், இன்னொன்றில் 150 இருக்கும். அந்த மீட்டரை வைத்து மெஷினின் சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்றும் பார்க்க முடியாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. உப்பின் மொத்த அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், மீட்டரும் அதே எண்ணைத்தான் காட்டும்.

உச்ச அளவில் வைக்கச் சொன்னதும் அவ்வளவு நல்லதில்லை. உப்பு வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும். தேவைக்கு மீறி மென்மையான தண்ணீர், காரமான டிடெர்ஜென்ட், 65 டிகிரி சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால் கண்ணாடியை மெல்ல அரிக்கும். நீலமாக மினுக்கும் அந்த மூன்றாவது கிளாஸ் அப்படி அரிபட ஆரம்பித்ததாக இருக்கலாம்.

வெயில்மழை, மீன் தொட்டிக்கும் நீச்சல் குளத்துக்கும் விற்கிற சொட்டுச் சோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், ஒரு சொட்டுக்கு இத்தனை பிபிஎம் என்று கிட்டிலேயே போட்டிருக்கும். பட்டைச் சோதனையும் போதும், ஆனால் சொட்டு துல்லியமானது.

ராஜி_சமையல்கட்டு

ஒரு டம்ளர் மங்கினதுக்கு வேதியியல் பரிசோதனைக்கூடமே அமைக்கச் சொல்கிறீர்களே! வினிகரை ரின்ஸ் எய்ட் குழியில் ஊற்றினால் தினமும் படிவு கரையுமே, அதைச் செய்யலாமே?

திருப்புளி

நிறையப் பேர் செய்கிறார்கள் அக்கா. வினிகர் அமிலம், அது சுண்ணாம்பைக் கரைக்கும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரின்ஸ் எய்டின் முக்கிய வேலை அமிலம் இல்லை. கடைசி அலசலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய விரிப்பாக வழிந்து போகச் செய்வதுதான். வினிகருக்கு அது வராது. அதுவும் அந்தக் குழியில் மாதக்கணக்கில் வினிகர் நின்றால் ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்க ஆரம்பிக்கும். நான் மாற்றிய டிஸ்பென்சர்களில் சில அந்த வகைதான்.

வெயில்மழை

(நான்கு நாள் கழித்து)

கிட் வந்தது. ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம். பத்தொன்பதாவது சொட்டில் நிறம் மாறியது. இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவையும் 19. ஆக 475.

மேனுவலைத் தோண்டி எடுத்து, அதில் சொன்னபடி பட்டனை அழுத்திப் பிடித்தால் திரையில் `H:04` என்று வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருமாம். மேனுவல் அட்டவணையில் `H:04` என்றால் 13 முதல் 16 டிகிரி வரை. 475-ஐ 17.8-ஆல் வகுத்தால் 26.7. அது `H:06` வரிசையில், 22 முதல் 30 வரையில் வருகிறது.

சரி, தப்பாக இருந்திருக்கிறது. ஆனால் எனக்குப் புரியாத ஒன்று: அளவு தப்பு என்றால் தினமும்தானே படலம் வர வேண்டும்? இடையிடையே பளிச்சென்று எப்படி வருகிறது?

திருப்புளி

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெஷினின் அடியில் ஒரு சின்ன டப்பாவில் ரெசின் மணிகள் இருக்கின்றன. உள்ளே வரும் தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது கால்சியம் மணிகளில் ஒட்டிக்கொள்கிறது. மணிகளில் இடம் இருக்கும்வரை தண்ணீர் மென்மையாக வரும். இடம் தீர்ந்துவிட்டால் கடினத் தண்ணீர் அப்படியே வந்துவிடும். அப்போது நீங்கள் போட்டு வைத்திருக்கும் உப்பின் கரைசலை மணிகள் மேல் ஓட விட்டு, ஒட்டியிருக்கும் கால்சியத்தைக் கழுவி வெளியே தள்ள வேண்டும். உப்பின் வேலை அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் தண்ணீரில் அது கலப்பதே இல்லை.

சரி, மணிகளில் இடம் தீர்ந்துவிட்டது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியாது. அவை தண்ணீரின் கடினத்தன்மையை அளப்பதில்லை. எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். நீங்கள் வைத்த `H` எண்ணை நம்பி, "இத்தனை லிட்டர் ஆகிவிட்டது, இப்போது உப்பால் கழுவு" என்று முடிவு செய்யும். எண் தப்பு என்றால் அந்த நேரமும் தப்பும். மணிகள் முன்பே நிரம்பிவிடும், மெஷினோ நேரம் வரும்வரை சும்மா இருக்கும்.

அதனால்தான் உங்களுக்குச் சில நாள் பளிச், சில நாள் மங்கல். உப்பால் கழுவிய மறு தடவை நன்றாக வரும், போகப் போக மங்கும், மறுபடி கழுவியதும் நன்றாக வரும். பதினான்கு மாதத்தில் இரண்டே தடவை உப்பு நிரப்பினேன் என்றபோதே எனக்குச் சந்தேகம். 475 தண்ணீரில் அவ்வளவு நாள் உப்பு தாங்காது. உப்பு சீக்கிரம் தீரவில்லை என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்தால் நான் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.

கணக்குப்பிள்ளை

டிடிஎஸ் விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது என் பேட்டை, கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

`H:04`-ல் மெஷின் அதிகபட்சம் 16 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது 285 பிபிஎம். ஒரு பேச்சுக்கு ஏழு தடவை கழுவியதும் ஒருமுறை உப்பால் சுத்தம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக மணிகளின் கொள்ளளவு ஏழு கழுவலுக்குத் தலா 285 வீதம், 1995. உண்மையில் வருவது 475. 1995-ஐ 475-ஆல் வகுத்தால் 4.2. ஏழில் முதல் நான்கு நன்றாக வரும், ஐந்தாவதில் ஆரம்பித்து மூன்று தடவை கடினத் தண்ணீர். ஏறக்குறைய வாரத்தில் மூன்று நாள் மங்கல்.

வெயில்மழை, நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தால் பொருந்துகிறதா பாருங்கள்.

திருப்புளி

அருமை சார். ஏழு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், ஆனால் விகிதம் அதேதான். நடைமுறையில் நான்காவதோடு கோடு கிழித்ததுபோல் நிற்காது, மூன்றாவதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பிக்கும்.

ராஜி_சமையல்கட்டு

அப்படியானால் என் டேப்லெட் மட்டும் எப்படி வேலை செய்கிறது? அதில் உப்பு இருக்கிறது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே.

திருப்புளி

உங்கள் பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் 21 டிகிரி வரைதான் அந்தக் கூற்று. அதுவும் டேப்லெட்டுக்குள் இருப்பது சாஃப்ட்னருக்குப் போகும் உப்பு இல்லை. அது பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்தான் கரைகிறது, ரெசின் டப்பாவுக்குப் போக வழியே கிடையாது. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன, படிவாக விழ விடாமல் தண்ணீரோடு வெளியே அனுப்பிவிடும். உங்கள் தண்ணீர் மென்மையாகவோ நடுத்தரமாகவோ இருக்கலாம். அப்போது நீங்கள் செய்வது சரிதான். 27 டிகிரியில் அது தாக்குப் பிடிக்காது.

ராஜி_சமையல்கட்டு

21 என்றுதான் போட்டிருக்கிறது. நான்கு வருடமாகக் கவனித்ததில்லை. ஆனாலும் என் டம்ளர் பளிச்சென்றுதான் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது!

பழையசாதம்

நான் கொஞ்சம் வயதானவன். முன்பெல்லாம் இந்த அவஸ்தை இல்லை. அப்போதைய பவுடர்களில் பாஸ்பேட் இருந்தது, எந்தத் தண்ணீராக இருந்தாலும் டம்ளர் மின்னும். ஏரியிலும் ஆற்றிலும் பாசி பெருகுகிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2010-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2017-லும் கட்டுப்பாடு கொண்டுவந்தன. அதன் பிறகுதான் உப்பு எண், ரின்ஸ் எய்ட் எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க வேண்டிய கட்டாயம். முன்பு தப்பாக வைத்திருந்தாலும் பவுடர் காப்பாற்றிவிடும்.

அவசரக்குடுக்கை

உப்பு என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். முதல் தடவை டிடெர்ஜென்ட் பவுடரை உப்புத் தொட்டியில் கொட்டிவிட்டேன். சாஃப்ட்னரையே மாற்ற வேண்டி வந்தது. இரண்டாவது மெஷினில், உப்பு தீர்ந்த ஒரு நாள், சமையல் உப்பைப் போட்டேன். உப்புதானே!

திருப்புளி

உப்புதான், ஆனால் பொடி. ஈரத்தில் இறுகிக் கட்டியாகி வழியை அடைக்கும். கட்டி பிடிக்காமல் இருக்க அதில் வேறு பொருள்களும் சேர்த்திருப்பார்கள், அவையும் உள்ளே நல்லதில்லை. டிஷ்வாஷருக்கு என்று விற்கும் பெரிய பரல் உப்பு மட்டும் போடுங்கள். ஒரு தடவை போட்டதற்கே கெட்டுவிடாது, பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

வெயில்மழை

`H:06` வைத்தேன். உப்புத் தொட்டியையும் நிரப்பினேன். உற்சாகமாக டம்ளர்களை அடுக்கி ஓட்டினேன்.

முன்பைவிட மோசம்! எல்லாப் பாத்திரத்திலும் வெள்ளை. டம்ளர், ஸ்டீல், தட்டு எதையும் விடவில்லை. மாவு தூவியதுபோல் இருக்கிறது. எண்ணைத் திரும்ப மாற்றிவிடட்டுமா?

திருப்புளி

வேண்டாம், எண்ணைத் தொடாதீர்கள். வெறும் தண்ணீரில் அலசினால் போகிறதா?

வெயில்மழை

உடனே போகிறது. நாக்கில் வைத்தேன், கரிக்கிறது.

திருப்புளி

டிடெர்ஜென்டாக இருந்திருந்தால்? இனி நாக்கில் வைக்காதீர்கள், அலசிப் பார்த்தாலே போதும்.

உப்புத் தண்ணீர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வந்திருக்கிறது. இரண்டு வழிகள். உப்புப் போடும்போது மேலே சிந்திய பரல்களும் வழிந்த உப்புக் கரைசலும் அடியில் கிடந்திருக்கும். உப்பு நிரப்பிய உடனே, பாத்திரம் எதுவும் வைக்காமல் ஒரு அலசல் புரோகிராம் ஓட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அந்தக் கரைசல் ஸ்டீல் தொட்டியில் துருப்புள்ளிகளையும் வரவழைக்கும். இன்னொரு வழி, மூடி சரியாக உட்காரவில்லை. மூடியைக் கழற்றி, மரையிலும் ரப்பர் வளையத்திலும் பரல் மாட்டியிருக்கிறதா பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, நேராக வைத்து, இறுக்கமாகத் திருகுங்கள். மறுபடியும் இரண்டு நாள் கழித்து உப்பு வந்தால் மூடியேதான் காரணம்.

அப்புறம், முதல் தடவை மட்டும்தான் உப்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நீங்கள் இப்போதும் ஊற்றினீர்களா?

வெயில்மழை

ஊற்றினேன்… ஒரு லிட்டர். மேனுவலில் முதல் பக்கத்தைத்தான் படித்தேன். ரப்பர் வளையத்தில் இரண்டு பரல் மாட்டியிருந்தது. துடைத்து மூடி, காலியாக ஒரு அலசல் ஓட்டிவிட்டேன்.

வெயில்மழை

(பதினொரு நாள் கழித்து)

ஒன்பது தடவை கழுவிவிட்டேன், குறித்தும் வைத்தேன். வெள்ளைப் படலம் ஒருமுறைகூட வரவில்லை. பழைய படிவு உள்ள டம்ளர்களை வினிகரில் ஊறவைத்து எடுத்தேன், அவையும் தெளிவாகவே இருக்கின்றன.

ஆனால் இப்போது புதிதாகச் சொட்டுச் சொட்டாகப் புள்ளிகள். படலம் இல்லை, தண்ணீர்த் துளி காய்ந்த தடம். ரின்ஸ் எய்டை 3-லிருந்து 6-க்கு ஏற்றினேன். புள்ளி போய்விட்டது, ஆனால் டம்ளரில் நீலமாகக் கோடு கோடாக வழிந்த தடம் வருகிறது, கையில் லேசாக வழுக்குகிறது.

திருப்புளி

வழுக்குவது ரின்ஸ் எய்ட் மிச்சம். சொட்டுத் தடம் என்றால் ரின்ஸ் எய்ட் குறைவு, நீலக் கோடும் வழுக்கலும் என்றால் அதிகம். 4-க்கு இறக்குங்கள், மூன்று தடவை கழுவிப் பாருங்கள். ஒவ்வொரு படியாக மாற்றுங்கள், ஒரே பாய்ச்சலாகப் போனால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

ரின்ஸ் எய்ட் சரியானதும் டிடெர்ஜென்டுக்கு வாருங்கள். டேப்லெட்டைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. பவுடருக்கு மாறினால் அளவை நீங்களே வைக்கலாம். முழு மெஷின், நல்ல அழுக்கு என்றால் 25 கிராம், சாதாரண அழுக்கு என்றால் 15 முதல் 20. தண்ணீர் கடினமாக இருந்தபோது பவுடரில் ஒரு பகுதி கால்சியத்தோடு மல்லுக்கட்டவே செலவாகிவிடும், அதனால் அதிகம் தேவைப்பட்டது. இப்போது தண்ணீர் மென்மை. அதே அளவைப் போட்டால் மிச்சக் காரம் கண்ணாடியைத்தான் தின்னும்.

மிகவும் குறைத்தாலும் வம்பு: எண்ணெய்ப் பசை முழுதாக விடாது, அதன் மேல் ஒரு மங்கல் வரும். அது வினிகரில் போகாது, சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகும். அப்படி வந்தால் 5 கிராம் கூட்டுங்கள். கண்ணாடி மட்டும் என்றால் 65 டிகிரியும் வேண்டாம், 50 போதும்.

கணக்குப்பிள்ளை

சாஃப்ட்னர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று நேரடியாகப் பார்க்க வழி உண்டா? அந்தச் சொட்டுக் கிட் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது.

திருப்புளி

உண்டு. காலி மெஷினில் டிடெர்ஜென்ட் இல்லாமல், சூடில்லாத முன்-அலசல் புரோகிராமை ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள், பழைய தண்ணீர் வெளியேறட்டும். இரண்டாவது தடவை ஓட்டி, தண்ணீர் ஏறிய மூன்று நான்கு நிமிடத்தில் கதவை மெல்லத் திறந்து, தெளிப்பு நின்றதும் வடிகட்டிக்கு அருகில் தேங்கியிருக்கும் தண்ணீரைக் கரண்டியால் எடுத்துச் சோதியுங்கள். 475 தண்ணீர் உள்ள வீட்டில் அங்கே ஒன்றிரண்டு சொட்டில் நிறம் மாறினால் சாஃப்ட்னர் நன்றாக இருக்கிறது. பத்துக்கு மேல் போனால் ரெசின் சோர்ந்துவிட்டது, அல்லது வால்வு திறக்கவில்லை. அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

வெயில்மழை

செய்துவிட்டேன். இரண்டாவது சொட்டில் மாறியது!

ரின்ஸ் எய்ட் 4-ல் இருக்கிறது, பவுடர் 18 கிராம், ஒரு மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். டம்ளர்கள் நன்றாக வருகின்றன. இரண்டு நாள் தட்டில் மஞ்சள் கறை மிஞ்சியது, அதற்கு மட்டும் 25.

அந்த மெல்லிய கிளாஸ் மட்டும் தேறவில்லை. சிட்ரிக் ஆசிட், சமையல் சோடா, பற்பசை எல்லாம் பார்த்தாயிற்று.

திருப்புளி

தேறாது. அதைக் கையால் கழுவுங்கள், மேற்கொண்டு மங்காமலாவது இருக்கும். ஆனால் எனக்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்கள் மெஷின் பாதி நாட்கள் கடினத் தண்ணீரில் ஓடியிருக்கிறது, அதில் இப்படி அரிப்பது அபூர்வம். அந்தக் கிளாஸ் ஏற்கனவே வேறு மெஷினில் ஓடியதா?

வெயில்மழை

அம்மா வீட்டிலிருந்து வந்தது. அங்கே மெஷின் இல்லை. அந்த நல்ல நாட்களில் டேப்லெட்டின் காரம் அரித்திருக்குமோ?

ராஜி_சமையல்கட்டு

நான் சொன்னபடி இரண்டு டேப்லெட் போட்டுவிட்டீர்களா என்ன?

வெயில்மழை

உங்கள் பதிவுக்கு முன்பே ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன் அக்கா. வெளியே சொல்லவில்லை.

திருப்புளி

சரி, ஒரு துப்பு கிடைத்தது. ஆனாலும் ஒரு மாதத்தில் அவ்வளவு ஆகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கண்ணாடியின் ரகமும் காரணமாக இருக்கலாம்.

நீரோட்டம்

இழை முழுவதும் படித்தேன். எங்கள் வீட்டுக்கே மொத்தமாகச் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம், சொட்டுச் சோதனையில் ஒரே சொட்டு. மெஷினில் எண்ணை `H:00` வைத்து, உப்பு போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் டம்ளரில் வெள்ளைப் புள்ளிகள், வெறும் தண்ணீரில் அலசினால் போகின்றன. டிடிஎஸ் 1100. இது எதில் சேரும்?

திருப்புளி

கடினத்தன்மை போய்விட்டது, ஆனால் பதிலுக்கு வந்த சோடிய உப்பு மொத்தமும் தண்ணீரிலேயே இருக்கிறது. கடைசி அலசலின் துளி காய்ந்தால் அது புள்ளியாக நிற்கும். எந்தச் சாஃப்ட்னராலும் அதை எடுக்க முடியாது. ரின்ஸ் எய்டை 5 வரை ஏற்றி, கழுவி முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பாருங்கள். 1100-ல் முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நீரோட்டம்

ரின்ஸ் எய்ட் ஏற்கனவே 5-ல்தான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.